அறுபதாயிரம் எங்கிருந்து வந்தது?

சென்னையில் இரண்டு சின்ன மென்பொருள் நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் விற்பது ஒரே மாதிரி சரக்கு: பல் கிளினிக்குகளில் அப்பாயின்ட்மென்ட், பில், நோயாளி விவரம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். காசு வாங்குவது மாதச் சந்தாவாக. செப்டம்பர் முடிவில் இரண்டுக்கும் சந்தா வருவாய் மாதம் 20 லட்சம் ரூபாய். அக்டோபர் முடிவில் இரண்டுக்கும் 20 லட்சத்து 60 ஆயிரம். முதலீட்டாளருக்குப் போகும் மாதக் கடிதத்தில் இரண்டு முதலாளிகளும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: ‘இந்த மாதம் 3 சதவீத வளர்ச்சி.’

இப்போது அந்த அறுபதாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதல் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த கிளினிக்குகள் கொண்டுவந்தது 2,40,000. ஏற்கெனவே இருந்தவர்கள் கூடுதலாக வாங்கியது 90,000. இருந்துகொண்டே குறைத்துக்கொண்டவர்களால் போனது 70,000. ஒரேயடியாக விட்டுப் போனவர்களால் போனது 2,00,000. இரண்டாவது நிறுவனத்தில் புதியவர்கள் 50,000, கூட்டிக்கொண்டவர்கள் 40,000, குறைத்தவர்கள் 10,000, விலகியவர்கள் 20,000. கூட்டிக் கழித்தால் இரண்டிலும் அதே அறுபதாயிரம்தான். ஆனால் முதல் நிறுவனம் ஓடி ஓடி மூச்சு வாங்குகிறது. இரண்டாவது நிதானமாக நடந்தே அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

சந்தாத் தொழிலில் இருப்பவர்கள் இந்தத் தொகையை எம்.ஆர்.ஆர். என்பார்கள். இந்த மாதம் போலவே அடுத்த மாதமும் வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய வருவாய் அது. அதன் ஏற்ற இறக்கத்தை நான்காகப் பிரித்துப் படமாகப் போடுவதற்கு எம்.ஆர்.ஆர். வாட்டர்ஃபால் என்று பெயர். இடது ஓரத்தில் போன மாத முடிவு ஒரு பெரிய தூணாகத் தரையிலிருந்து நிற்கும். அதன் உச்சியிலிருந்து புதியவர்களுக்கான பட்டை மேலே ஏறும், அது முடிந்த உயரத்திலிருந்து விரிவுப் பட்டை ஏறும். பிறகு குறைப்பும் விலகலும் படிப்படியாகக் கீழே இறங்கும். இறங்கி நின்ற உயரத்தில், வலது ஓரத்தில், இந்த மாத முடிவுக்கான தூண். எக்செல் 2016 முதல் இந்தப் படவகை அதிலேயே இருக்கிறது, வரைவது ஒரு வேலையே இல்லை. பட்டைகளுக்குள் போகும் எண்களைச் சரியாக எடுப்பதுதான் வேலை.

மேட்டூர் அணைச் செய்தியைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நீர்மட்டத்தை மட்டும் சொல்லி எந்தச் செய்தியும் நிற்பதில்லை. நீர்வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி என்பதும் கூடவே வரும்.

சென்னைக்கு இந்தக் கணக்கு வெகுகாலமாகப் பழக்கம். ஜோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க்காகப் பிறந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. பிற நிறுவனங்களின் சந்தா பில்லிங்கைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட சார்ஜ்பீயும் 2011இல் இங்கேதான் தொடங்கியது. ஓ.எம்.ஆர். சாலையில் மாதத்தின் முதல் வாரத்தில் எத்தனையோ மேசைகளில் இந்தப் படம் விரிந்து கிடக்கும்.

எண்களை எப்படி எடுப்பது? ஒரு தாளில் ஐந்து கிளினிக்குகளை மட்டும் எழுதிப் பார்த்தாலே போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு தொகை: போன மாதக் கடைசி நாளில் அதன் மாதச் சந்தா, இந்த மாதக் கடைசி நாளில் அதன் மாதச் சந்தா.

அடையாறு கிளினிக் போன மாதம் பட்டியலிலேயே இல்லை, இந்த மாதம் 3,000 கட்டுகிறது. இது புதிது. தாம்பரம் கிளினிக் இரண்டு டாக்டர்களைக் கூடுதலாகச் சேர்த்ததால் 5,000 என்பது 8,000 ஆனது. இதில் விரிவு 3,000 மட்டும்தான், 8,000 அல்ல. கோவையில் நான்கு கிளைகள் வைத்திருந்தவர் ஒன்றை மூடியதால் 12,000 என்பது 9,000 ஆகியிருக்கிறது. அந்த 3,000 குறைப்பு. மதுரை கிளினிக் 4,000 கட்டிக்கொண்டிருந்தது, நிறுத்திவிட்டது. அது விலகல். திருச்சி கிளினிக் போன மாதமும் 6,000, இந்த மாதமும் 6,000. படத்தில் அதற்கு இடமே இல்லை. தொல்லை தராத வாடிக்கையாளரைப் படமும் கண்டுகொள்வதில்லை.

போன மாதக் கூட்டல் 27,000, இந்த மாதக் கூட்டல் 26,000, வித்தியாசம் ஆயிரம் குறைவு. நான்கு துண்டுகளையும் கூட்டினால் 3,000, 3,000, கழித்தல் 3,000, கழித்தல் 4,000. அதே ஆயிரம் குறைவு. ஒட்டுத்தாளில் வாடிக்கையாளர் பெயரை A பத்தியிலும், போன மாதத்தை B பத்தியிலும், இந்த மாதத்தை C பத்தியிலும் போட்டால் நான்கு சூத்திரங்களில் வேலை முடியும்:

```
புதிது   =IF(AND(B2=0,C2>0),C2,0)
விரிவு   =IF(AND(B2>0,C2>B2),C2-B2,0)
குறைப்பு =IF(AND(C2>0,C2<B2),C2-B2,0)
விலகல்   =IF(AND(B2>0,C2=0),-B2,0)
```

இவ்வளவு எளிது என்றால் தப்பு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் B, C பத்திகளை நிரப்பும் இடத்தில். அங்கே வங்கிக் கணக்கில் வந்த பணத்தை அப்படியே போட்டுவிடுவார்கள். ஒரு கிளினிக் ஏப்ரலில் ஓராண்டுச் சந்தாவாக 60,000 ரூபாயை மொத்தமாகக் கட்டியிருந்தால், அதன் எம்.ஆர்.ஆர். பன்னிரண்டு மாதமும் 5,000தான். வங்கி வரவைப் போட்டால் ஏப்ரலில் 60,000 புதிதாக வந்ததாகவும், மே மாதத்தில் 60,000 விலகியதாகவும் படம் சொல்லும். அந்த டாக்டரோ எதுவும் அறியாமல் தினமும் மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். ஒரு மாதம் உயரமான புதுப் பட்டை, அடுத்த மாதமே கிட்டத்தட்ட அதே உயரத்தில் விலகல் பட்டை என்று படம் மாறி மாறி வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பில்லில் சேரும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அரசின் பணம், அது உள்ளே வரக்கூடாது. ஒரே ஒருமுறை வாங்கும் நிறுவுகைக் கட்டணமும், பயிற்சிக் கட்டணமும் அப்படியே. அடுத்த மாதம் அவை வரப்போவதில்லை.

இன்னொரு தப்பு இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அது கூட்டலில் பிடிபடாது. வரிசைகளை வாடிக்கையாளர்வாரியாகப் போடாமல் சரக்குவாரியாகப் போடுவது அது. ஒரு கிளினிக் அப்பாயின்ட்மென்ட் பகுதிக்கு 4,000, மருந்தகப் பகுதிக்கு 2,000 கட்டிவந்தது. மருந்தகத்தை விட்டுவிட்டு, நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை 3,000க்கு எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளரைப் பார்த்தால் 6,000 என்பது 7,000 ஆனது, விரிவு ஆயிரம். சரக்கைப் பார்த்தால் 2,000 விலகல், 3,000 புதிது. நிகர மாற்றம் இரண்டிலும் ஆயிரம்தான், அதனால் தொடக்கத் தூணும் முடிவுத் தூணும் கச்சிதமாகப் பொருந்திவிடும். கணக்காளர் டிக் அடித்துவிடுவார். நடுவில் இருக்கும் பட்டைகள் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர்வாரியாகப் போட்டாலும் ஓர் ஓட்டை உண்டு. கூட்டு நிறுவனமாக இருந்த கிளினிக் பிரைவேட் லிமிடெட் ஆகிறது, ஜி.எஸ்.டி. எண் மாறுகிறது, பில்லிங் ஆள் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுகிறார். பழைய கணக்கு விலகலாகவும் புதுக் கணக்கு புதியவராகவும் படத்தில் ஏறும். விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை கூடக் கிடைத்துவிடலாம். மாதாமாதம் விலகியவர் பட்டியலையும் புதியவர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தொலைபேசி எண்ணோ முகவரியோ இரண்டிலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதற்கு வழி. அலுப்பான வேலை, ஆனால் பத்து நிமிடம்தான் ஆகும்.

டாலரில் பில் போடுகிறவர்களுக்குத் தனித் தலைவலி. நூறு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 50 டாலர் கட்டுகிறார்கள். டாலர் 83 ரூபாயாக இருந்தபோது அது 4,15,000. 85 ரூபாயானால் 4,25,000. யாரும் எதையும் கூடுதலாக வாங்கவில்லை, ஆனால் விரிவுப் பட்டையில் பத்தாயிரம் முளைத்துவிடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே மாற்று விகிதத்தை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இதற்கென்று ஐந்தாவது பட்டை ஒன்றைத் தனியே போடலாம். விரிவோடு மட்டும் கலக்கக்கூடாது.

விலகலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போனவர் உண்மையில் போக நினைத்தாரா என்பதே அது. தானாகப் பிடித்துக்கொள்ளும் கார்டு கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு பிடித்தத்துக்கும் வாடிக்கையாளர் தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்றானது. தயாராகாத வங்கிகளின் கார்டுகளில் சந்தாக்கள் வரிசையாகத் தோல்வியடைந்தன. 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆக உயர்ந்தது. அந்த நாட்களில் பணம் வராத எல்லோரையும் மாதக் கடைசியில் விலகலில் தள்ளியிருந்தால், மென்பொருள் பிடிக்காமல் போய்விட்டார்கள் என்று முதலாளி தலையில் கை வைத்திருப்பார். நடந்ததோ ஓ.டி.பி. தகராறு.

அதனால் பணம் பிடிபடாதவருக்கு இத்தனை நாள் அவகாசம், அதற்குள் வராவிட்டால்தான் விலகல் என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு விதி என்று மாற்றக்கூடாது. விலகலாகப் பதிவானவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், மேலே உள்ள சூத்திரம் அவரைப் புதியவராகவே எண்ணும், ஏனென்றால் அதற்குப் போன மாதம் மட்டும்தான் தெரியும். முன்பு எப்போதாவது இருந்தவரா என்று ஒரு பத்தி சேர்த்து, திரும்பியவர்களைத் தனியே வைப்பது நல்லது. விளம்பரச் செலவில் பிடித்தவரையும், கார்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தவரையும் ஒரே பட்டையில் போட்டால் விளம்பரம் பலித்ததா என்று தெரியாது.

பட்டைகள் சரியாக வந்துவிட்டால் அவற்றைக் கொண்டு என்ன சொல்ல முடியும் என்பதற்கு வருவோம். முதல் நிறுவனத்தின் விலகல் 20 லட்சத்தில் 2 லட்சம், அதாவது மாதம் 10 சதவீதம். மாதம் பத்து என்பது சிறிதாகத் தெரியும். அது அப்படியே தொடர்ந்தால், செப்டம்பரில் இருந்த 20 லட்சத்தில் ஓராண்டு கழித்து மிஞ்சுவது ஏறக்குறைய 5 லட்சத்து 65 ஆயிரம்தான். இரண்டாவது நிறுவனத்தில் விலகல் மாதம் ஒரு சதவீதம். அங்கே 17 லட்சத்து 70 ஆயிரம் மிஞ்சும்.

இதைவிட முக்கியமான ஒன்று இந்த எண்களுக்குள் இருக்கிறது, என் பார்வையில் இந்தப் படத்தைப் போடுவதற்கே அதுதான் காரணம். முதல் நிறுவனத்தில் விலகலையும் குறைப்பையும் கூட்டி, விரிவைக் கழித்தால் 1,80,000. அதாவது இருக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து மாதம் 9 சதவீதம் கரைகிறது. விற்பனைக் குழு மாதந்தோறும் 2,40,000 புதிதாகக் கொண்டுவருகிறது. கரைவது சதவீதமாக இருப்பதால் நிறுவனம் வளர வளர கரையும் தொகையும் வளரும், கொண்டுவருவது மட்டும் அதே தொகையாக நிற்கும். வருவாய் 26 லட்சத்து 67 ஆயிரத்தை நெருங்கும்போது அதன் 9 சதவீதம் சரியாக 2,40,000. அங்கே வளர்ச்சி நின்றுவிடும். விற்பனையாளர்கள் இன்றுபோலவே அன்றும் ஓடுவார்கள், வலது தூண் மட்டும் அசையாது. புதிய வருவாயைக் கரையும் சதவீதத்தால் வகுத்தால் கூரை எங்கே என்று இன்றே தெரிந்துவிடும். இரண்டாவது நிறுவனத்துக்கு அந்தக் கூரையே இல்லை. அங்கே விரிவு 40,000, குறைப்பும் விலகலும் சேர்த்து 30,000. ஒரு புதிய ஆள்கூட வராவிட்டாலும் மாதம் பத்தாயிரம் ஏறும்.

இருக்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற இந்தக் கணக்கைத்தான் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கில் வெளியிடுகின்றன. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு வெளியீட்டின்போது தாக்கல் செய்த ஆவணத்தில், 2021 ஜூன் நிலவரப்படி அது 118 சதவீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாய் கட்டிய வாடிக்கையாளர் கூட்டம், போனவர்கள் போக, இப்போது 118 ரூபாய் கட்டுகிறது என்று பொருள். அடுத்த ஆண்டுகளில் அது நூறை நோக்கி இறங்கியது. இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில். வாங்கிய நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்தினால் விரிவு வற்றும், ஆட்குறைப்பு செய்தால் குறைப்புப் பட்டை நீளும். மென்பொருளை ஒருவர்கூடக் கைவிடாமலே வருவாய் இறங்கலாம். குறைப்பையும் விலகலையும் ஒன்றாகச் சேர்த்து ‘இழப்பு’ என்று ஒரே பட்டையாகப் போடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகும். ஒன்றுக்கு மருந்து விலைத் திட்டத்தில், மற்றதற்கு மென்பொருளிலேயே.

கடைசியாக நம் முதல் நிறுவனத்தின் அக்டோபர் பட்டைகளை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஜூலையில் அது ஓர் ஆடிச் சலுகை விட்டிருந்தது: மாதம் 2,000 ரூபாய்த் திட்டம், முதல் மூன்று மாதத்துக்குப் பாதி விலை. 190 கிளினிக்குகள் சேர்ந்தன. ஜூலை மாதப் படத்தில் புதுப் பட்டை 1,90,000 உயர்ந்து நின்றிருக்கும், கேக் வெட்டியிருப்பார்கள். அக்டோபரில் பாதி விலை முடிந்தது. 130 பேர் போய்விட்டார்கள். 60 பேர் இருந்தார்கள், அவர்களுடைய ஆயிரம் இரண்டாயிரம் ஆனது. ஆக, அக்டோபரின் விலகல் இரண்டு லட்சத்தில் 1,30,000 ஆடிக் கூட்டம். விரிவு 90,000 என்று பெருமையாகக் காட்டியதில் 60,000 வெறும் தள்ளுபடி முடிந்த தொகை. யாரும் கூடுதலாக எதையும் வாங்கவில்லை. உண்மையான விரிவு 30,000தான்.

இந்த ஆடிக் கூட்டத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சமுள்ள 18,10,000 ரூபாயில் விலகல் 70,000, குறைப்பு 70,000, விரிவு 30,000. நிகரக் கரைவு 1,10,000, ஏறக்குறைய 6 சதவீதம். கூரை இருபத்தாறரை லட்சத்திலிருந்து நாற்பது லட்சத்தை ஒட்டி உயர்கிறது. மென்பொருள் நாம் பயந்த அளவுக்கு மோசமில்லை, மோசமாக இருந்தது சலுகைதான் என்று இப்போது தெரிகிறது. தள்ளுபடி முடிந்து ஏறும் தொகையைத் தனிப் பட்டையாகவும், விலகியவர்களைச் சேர்ந்த மாதவாரியாகவும் பிரித்துப் போட்டிருந்தால் இது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த நாற்பது லட்சமும் மாதம் 2,40,000 புதிதாக வரும் என்ற நம்பிக்கையில் நிற்பது. அக்டோபரில் தீபாவளி வந்தது, அதற்கும் அதே மூன்று மாதப் பாதி விலைச் சலுகை உண்டு. இந்த 2,40,000இல் ஒன்றரை லட்சம் அந்தச் சலுகையில் வந்தது என்றும், ஆடியில் போன அதே விகிதத்தில் இவர்களும் போவார்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஜனவரிப் படத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விலகல் இப்போதே எழுதியாகிவிட்டது. விற்பனையாளருக்கான ஊக்கத்தொகையை நவம்பர் சம்பளத்தோடு கொடுப்பதா, முழு விலையில் முதல் பில் கட்டப்பட்ட பிறகு பிப்ரவரியில் கொடுப்பதா என்பதை அந்த நிறுவனம் இந்த வாரம் முடிவு செய்தாக வேண்டும்.